முகூர்த்தப் பட்டுக்கு நிறம் பார்ப்பது எப்படி?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்குக் கல்யாணப் பட்டு எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு முதல் யோசனை: மணப்பெண்ணை அழைத்துப் போகாதீர்கள். ஏற்கெனவே வேனில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழு பேருக்கும் ஏழு நிறம் பிடித்திருக்கிறது. உடுத்தப் போகிறவள் என்கிற ஒரே காரணத்துக்காக அவளுக்கும் ஒரு நிறம் பிடித்துத் தொலைத்தால் வேன் திரும்பும்போது இரவாகிவிடும்.

இந்த யோசனையை யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரியும். இந்தக் காலத்துப் பெண் கைப்பேசியில் நாற்பது படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிடுவாள். ஆகவே அவளும் வருகிறாள் என்று வைத்துக்கொண்டே மேலே போவோம்.

கிளம்புவதற்கு முன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. யார் பணம் கொடுக்கிறார்கள், யார் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே ஆள் இல்லை. பெரும்பாலான குடும்பங்களில் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் செலவு. ஆனால் அது ஏறப்போவது பெண் வீட்டுப் பிள்ளையின் உடம்பில். எனவே, நிறத்தைத் தேர்வது மாமியார் கையில், மறுப்பது பெண்ணின் பாட்டி கையில். பாட்டி எதையும் எடுக்கச் சொல்லமாட்டார். ஒவ்வொன்றாக விரிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான், கடைக்காரர் அந்தச் சேலையை மடித்துவிடுவார்.

அடுத்ததாக, 'எங்க வழக்கம்' என்ற சொல்லுக்கு இரண்டு வீட்டிலும் என்ன பொருள் என்று போன வாரமே விசாரித்திருக்க வேண்டும். ஐயர், ஐயங்கார் வீடுகளில் தாலி கட்டும்போது ஒன்பது கஜம், பெரும்பாலும் அரக்கு. மாயவரம் பக்கத்துக் கூறைநாட்டில் நெய்த சிவப்பும் மஞ்சளுமான கட்டம் போட்ட புடவைதான் கூறை என்று இருந்த வீடுகள் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை கொடுக்கும் கூறையை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் தாலி. அதுவும் சிவப்பும் அரக்கும்தான் அநேகமாக. தமிழ்க் கிறிஸ்தவப் பெண் தேவாலயத்துக்கு வெள்ளையிலோ சந்தன வெள்ளையிலோ பொன் ஜரிகை ஓடும் பட்டு உடுத்திப் போகிறாள். அதே காந்தி ரோடு, அதே கடை, அதே மெத்தை. இடது பக்கம் ஒரு குடும்பம் வெள்ளைப் பட்டை ஆசையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வலது பக்கத்துக் குடும்பம் 'அதை எல்லாம் இந்தப் பக்கம் விரிக்காதீங்க' என்று கையை உதறிக்கொண்டிருக்கும். கடைப் பையன் இரண்டு பேருக்கும் நடுவில் அதே சிரிப்போடு நிற்பான். நிறத்தில் குற்றம் இல்லை, எந்த வீட்டுக்குள் போகிறது என்பதில்தான் இருக்கிறது என்று அவனுக்கு எப்போதோ தெரியும்.

சிவப்பும் மஞ்சளும் ஏன்

இதைக் கடையில் யாராவது கேட்டால் 'லட்சுமிகரம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உங்களுக்குக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்திருந்தால், காப்பி வரும்வரை பேச விஷயம் கிடைக்கும்.

வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் தண்ணீர், அதில் மஞ்சள்பொடி. மஞ்சளாகத்தான் இருக்கும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டதும் அப்படியே சிவக்கும். மஞ்சளில் இருக்கும் சாயப்பொருள் காரத்தன்மை பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான் வேதியியல். பழைய முறையில் குங்குமம் தயாரித்ததும் இதே வழிதான். மஞ்சளைக் காரத்தோடு சேர்த்துச் சிவக்க வைத்துக் காயப்போடுவார்கள். ஆகவே நம் ஊர்ச் சடங்கில் மஞ்சளும் சிவப்பும் இரண்டு நிறம் இல்லை. ஒரே கிழங்கின் இரண்டு நிலை. தாலிக் கயிற்றில் மஞ்சள், வகிட்டில் சிவப்பு, வாசலில் கொட்டும் ஆரத்தியில் இரண்டும். முகூர்த்தப் புடவைக்குச் சிவப்பு எடுக்கலாமா மஞ்சள் எடுக்கலாமா என்று சம்பந்திகள் இருவரும் முறைத்துக்கொள்ளும் நேரத்தில் இதைச் சொல்லிப் பார்க்கலாம். சமாதானம் ஆகமாட்டார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து உங்களை முறைப்பார்கள், அதுவும் ஒரு ஒற்றுமைதான்.

மஞ்சளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புதுத்துணிக்கு மூலையில் மஞ்சள் தடவாமல் யாரும் கட்டிக்கொள்வதில்லை. தடவாத புதுத்துணிக்குக் கோடி என்று பெயர். கோடித்துணி போடுவது சாவு வீட்டில் செய்யும் முறை. கடையிலிருந்து வரும் எல்லாத் துணியும் பிறக்கும்போது கோடிதான். இழவுக்கும் கல்யாணத்துக்கும் நடுவே நிற்பது மூலையில் ஒரு விரல் மஞ்சள். அதனால்தான் எண்பதாயிரம் ரூபாய்ச் சேலையிலும் அத்தை கூசாமல் மஞ்சளை வைப்பார். பயப்படவேண்டாம். வைக்கிற இடம் உள்தலைப்பின் ஓரமாக, இடுப்பில் செருகும் பகுதியாக இருக்கட்டும். ஈரக்கையால் அல்லாமல் உலர்ந்த பொடியாகத் தொட்டு வைத்தால் பெரும்பாலும் உதறினாலே போய்விடும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் வைத்ததைச் சோப்புப் போட்டுத் துவைத்தவர் அது ரத்தமாகச் சிவப்பதைப் பார்த்து அலறியிருப்பார். சோப்பும் காரம்தான், ஆரத்தித் தட்டில் நடந்ததே வாளியிலும் நடக்கிறது. நன்றாக அலசினால் மஞ்சளாகத் திரும்பும். பிறகு வெயிலில் போட்டால் தானே வெளிறும். மஞ்சள் வெயிலுக்குத் தாங்காத சாயம். பட்டை மட்டும் இந்த வைத்தியத்துக்கு உட்படுத்தாதீர்கள், வெயிலில் மஞ்சளோடு சேர்ந்து மற்ற நிறமும் போகும்.

வெள்ளையை ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதற்கு யாரும் வாய்திறந்து காரணம் சொல்வதில்லை. கணவனை இழந்தவளுக்கு வெள்ளை என்று வகுத்தது நம் ஊரில் பல சாதிகளில் நடந்தது. ஆக, இந்த நிறக்கணக்கு எல்லாமே கடைசியில் ஒரு பெண்ணின் கணவன் உயிரோடு இருக்கிறானா என்று ஊருக்குச் சொல்லும் கணக்குத்தான். சேலை எடுக்கும் பட்டியலில் 'பெரியம்மாவுக்கு ஏதாவது டல்லா ஒண்ணு' என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள். இந்தக் கட்டுரையில் விளையாட்டுக்குச் சொல்லாத யோசனை இது ஒன்றுதான்: அந்த வரியை அடித்துவிட்டு, பெரியம்மாவிடமே என்ன நிறம் வேண்டும் என்று கேளுங்கள். கிளிப்பச்சை என்று சொன்னால் கிளிப்பச்சை எடுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்பது

காஞ்சிபுரத்தில் நிறத்தின் பெயர் பாதி வேலையைச் செய்துவிடும். பழுப்பு என்று கேட்டால் பாட்டியின் கண்ணாடி கழலும். காப்பிக்கொட்டை என்று கேட்டுப் பாருங்கள், 'காட்டச் சொல்லு' என்பார். வெங்காயச் சருகு, மாந்துளிர், கத்திரிப்பூ, நாவல்பழம், வாடாமல்லி, மயில்கழுத்து, சந்தனம் என்று அடுக்களையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த பெயர்களுக்கு இந்த ஊரில் அமங்கலம் ஒட்டுவதே இல்லை. சாம்பல் நிறத்துக்குத்தான் இன்னும் யாரும் நல்ல பெயர் கண்டுபிடிக்கவில்லை, பாவம்.

நீலத்தின் கதை இன்னும் வேடிக்கை. அது சனிக்கு உரியது, கறுப்புக்குப் பங்காளி என்று முகூர்த்தத்துக்கு ஒதுக்கும் வீடுகள் உண்டு. அவுரிச் சாயம் தோய்த்த துணி சடங்குக்கு ஆகாது என்று பழைய தர்மசாஸ்திர நூல்களிலும் இருக்கிறது. ஆனால் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் முத்துச் செட்டியார் நெய்துகொடுத்த ஆழ்ந்த நீலம் மேடை ஏறியதிலிருந்து அதன் பெயர் எம்.எஸ். புளூ. சனி அதன் பக்கம் வருவதில்லை. நீலம் வேண்டாம் என்று கடுமையாகச் சொன்ன அதே அம்மாள் வரவேற்புக்கு எம்.எஸ். புளூ இரண்டு எடுத்துக் கொண்டு போவார்.

பரம்பரை நிறம் என்று கையை ஓங்கிச் சொல்கிறவர்களிடம் வாதாடாதீர்கள். ஆனால் மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம்: அரக்கு என்பது கொம்பரக்கிலிருந்து எடுத்த சாயத்தின் பெயர். 1856-ல் லண்டனில் பதினெட்டு வயதுப் பையன் பெர்க்கின், மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய்த் தவறுதலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பின்னால் வரிசையாக வந்த செயற்கைச் சாயங்கள் உலகம் முழுக்க அவுரியையும் அரக்கையும் சாயவேரையும் மூட்டை கட்ட வைத்தன. இன்று சாயப்பட்டறையில் கொதிக்கிற அண்டாவில் நூல்சிட்டத்தைக் கழியில் மாட்டித் திருப்பித் திருப்பித் தோய்க்கும் அரக்கில் அரக்கு இல்லை. பெயர் மட்டும் நிறம் மாறாமல் இருக்கிறது.

தறியிடம் விடுவது

இனி முக்கியமான பகுதி. சேலைக்கு ஒரு நிறம் என்று நினைத்துத்தான் இவ்வளவு சண்டையும் நடக்கிறது. காஞ்சிபுரத்துத் தறிக்காரரைக் கேட்டால் சிரிப்பார். நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே நாடாவில் போய் வருவது ஊடை. பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம் போட்டால் துணி இரண்டையும் காட்டும், ஆனால் ஒரே நேரத்தில் காட்டாது. நேரே பார்க்கும்போது ஒன்று, மடிப்பில் ஒன்று, நடக்கும்போது இரண்டும் மாறி மாறி. மயில்கழுத்து இப்படித்தான் பிறக்கிறது, நீலமும் பச்சையும் பாவிலும் ஊடையிலுமாக ஓடி. இது போதாதென்று கோர்வை வேறு. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்க மூன்று நாடா ஓட்டி, ஒவ்வொரு இழையிலும் உடல் ஊடையையும் கரை ஊடையையும் கோத்து வாங்கும் வேலை. கைத்தறியில் இதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து உதவவேண்டும். கோர்வை போட்ட இடத்தை விரலால் தடவினால் பல் பல்லாகத் தட்டுப்படும், பின்பக்கத்தில் இன்னும் நன்றாகத் தெரியும்.

இதை வைத்து ஒரு குடும்பத்தைக் கரையேற்றிப் பார்ப்போம். பெண்ணுக்கு நாவல்பழ நிறம் வேண்டும். பாட்டிக்கு அது கறுப்பு. அவருக்கு அரக்கைத் தவிர வேறு நிறம் கண்ணில் படாது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மாம்பழ மஞ்சள், அவர்கள் வீட்டில் மஞ்சள் படாமல் தாலி கட்டியதே இல்லையாம். மூன்று நிறம், ஒரு உடம்பு, பில் போட நல்ல நேரம் முடிய முக்கால் மணி.

'பாட்டி, கறுப்பு எங்கேர்ந்து வந்துது? இது நாவல்பழம்.'

'எல்லாம் ஒண்ணுதாண்டி. ராத்திரியில கட்டினா கறுப்புதான்.'

'முகூர்த்தம் காலையிலதானே பாட்டி?'

'அதுக்காக?'

இந்த இடத்தில் கடையின் மூத்த விற்பனையாளர், இவ்வளவு நேரம் தூண் பக்கம் நின்றவர், வருவார். கட்டுக்குள்ளிருந்து ஒரு சேலையை உருவுவார். பாவு சிவப்பு, ஊடை நாவல்பழம். கரையும் முந்தானையும் மாம்பழ மஞ்சள், கோர்வை. விரித்து எதிரே பிடித்தால் அடர்ந்த அரக்கு. பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். மாப்பிள்ளையின் அம்மா கரையை மட்டும் பார்த்துத் தலையாட்டுகிறார். பெண் தோளில் போட்டுக் கண்ணாடி முன் திரும்பும்போது மடிப்புக்குள் நாவல்பழம் ஒளிந்திருப்பதைப் பார்த்துவிடுகிறாள், வாயைத் திறக்கவில்லை. புத்திசாலிப் பெண், நல்லபடி வாழ்வாள். பாட்டி பயந்த கருமை அந்தச் சேலையின் குறுக்கே பாதி நூலாக ஓடுகிறது. அரக்குக்கு ஆழம் வேண்டும் என்றால் சிவப்புப் பாவில் கறுத்த ஊடையை ஓட்டுவது தறிக்குப் புதிதில்லை. கறுப்பு ஒரு இழைகூட ஆகாது என்று சத்தியம் செய்துகொண்டு எத்தனை பேர் அதை உடுத்தி அட்சதை வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டாம்.

நீங்கள் இந்த வித்தையில் ஏமாறாமல் இருக்கவேண்டும் என்றால் வழி இருக்கிறது. உள்தலைப்பின் முனையில் நெய்யாமல் விட்ட பாவு இழைகள் தொங்கும். அவற்றைத் தனியே பிரித்து வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால் பாவின் நிறம் தெரியும். அந்த ஓரத்திலிருந்தே ஒரு குறுக்கிழையை உருவினால் ஊடை. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே நிறச் சேலை. இல்லையென்றால் நீங்கள் இரண்டு நிறத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள், தெரிந்துகொண்டு கொடுங்கள். அடுத்து, சேலையைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் அரக்காக இருந்தது வெளியே ஊதா அடிக்கலாம், பச்சை நீலமாகலாம். கடைக்காரர் தடுக்கமாட்டார், கூட ஒரு பையனை மட்டும் அனுப்புவார். மண்டபத்தில் வீடியோக்காரர் போடும் விளக்கு இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது வெளிச்சம். அதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. ஆல்பம் வந்த பிறகு 'இந்தப் புடவை எப்ப எடுத்தோம்?' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார்.

முந்தானையில் கலப்பில்லாத மஞ்சள் வேண்டும் என்று சம்பந்தி அம்மாள் பிடிவாதம் பிடித்தால் பெட்னி போட்ட சேலையா என்று பார்க்க வேண்டும். சாதாரணமாக உடலின் பாவே முந்தானைக்கும் ஓடும். ஊடையை மட்டும் மஞ்சளாக மாற்றினால் சிவப்புப் பாவின்மேல் விழுந்த மஞ்சள் செம்மஞ்சளாகத்தான் தெரியும். பெட்னியில் உடல் பாவின் இழைகளோடு முந்தானைக்கான புதுப் பாவை இழைக்கு இழை இணைத்து நெய்வார்கள். அப்போது முந்தானையில் பாவும் மஞ்சள், ஊடையும் மஞ்சள். இரண்டும் சேரும் இடத்தில் விரலகலத்துக்கு நிறம் கலங்கிய ஒரு பட்டை இருக்கும். அது பழுது இல்லை, அதுதான் அடையாளம்.

கடையில் கிடைக்காத நிறத்தை ஆர்டர் கொடுத்து நெய்யச் சொல்லலாம் என்று யாராவது உற்சாகப்படுவார்கள். தாராளமாகச் செய்யலாம். நூல் தோய்த்து, பாவு போட்டு, தறியில் ஏற்றி, நெய்து இறக்க மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். கையளவு துண்டில் காட்டிய நிறத்தைச் சாயக்காரர் கண்மதிப்பில்தான் பிடிக்கிறார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு படி குறைவு. இன்னொரு சங்கதி, ஒரு பாவு என்பது ஒரு சேலைக்கு இல்லை. இரண்டு மூன்று சேலைக்கு நீளமாகப் போடுவார்கள். ஆகவே, உங்கள் பெண்ணுக்கென்றே பிறந்த நிறத்துக்குக் கூடப்பிறந்தது ஒன்று இரண்டு இருக்கும். அது எந்த ஊர்க் கல்யாணத்தில் எந்த மாமியின் மேல் வந்து உட்காரும் என்று சொல்லமுடியாது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே வந்துவிட்டால் சிரித்துக்கொண்டே வரவேற்று, போட்டோவில் எதிர்ப்பக்கம் நிற்க வையுங்கள்.

பில் போடுமுன் கடைசிச் சோதனை: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, கரை உடலைத் தொடும் ஓரத்தில் உள்பக்கமாக அழுத்தித் தேயுங்கள். குட்டையில் நிறம் ஏறினால் அந்தச் சேலை கல்யாணத்தன்று வியர்வையிலோ பன்னீர்த் தெளிப்பிலோ மஞ்சள் கரைக்குள் அரக்கை இறக்கிவிடும். அடர்ந்த உடலும் வெளிர்ந்த கரையுமாக இருக்கும் சேலைக்கு இந்தச் சோதனை கட்டாயம். எல்லா சாஸ்திரமும் பொருந்திய சேலை, சாயம் போனதால் மாலைக்குள் திட்டுத்திட்டாக நின்றால், அப்போதுதான் நிஜமாகவே அபசகுனம் பேசுவார்கள்.

மாப்பிள்ளையின் கரை

பெண்ணுக்கு இவ்வளவு பார்த்தவர்கள் மாப்பிள்ளைக்கு 'பட்டு வேட்டி ஒண்ணு' என்று இரண்டே நிமிடத்தில் முடிப்பார்கள். அங்கேதான் ஆபத்து. தமிழ்நாட்டில் வேட்டிக் கரையின் நிறம் கட்சி உறுப்பினர் அட்டை. கறுப்பும் சிவப்பும் ஒரு வீடு, நடுவில் வெள்ளை ஓடினால் எதிர்வீடு. மணமேடையில் மாமனார் ஒரு கரை, பெரியப்பா ஒரு கரை என்று உட்கார்ந்தால் முன்வரிசைக்குத் தாலி முக்கியமாக இருக்காது. ஜரிகைக் கரை அல்லது மயில்கண் எடுத்துவிடுங்கள், கூட்டணி எதுவானாலும் மாறவேண்டியதில்லை.

இதைக் காஞ்சிபுரத்தில் சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் இந்த ஊரில் பிறந்த அண்ணாதுரை முதலமைச்சரானதும், 1967-ல், ஐயரும் அக்னியும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டம் திருத்தினார். அந்த மேடைகளில் தலைமை தாங்கிய பெரியாரின் தொண்டர்கள் கறுப்புச் சட்டையில் வந்து வாழ்த்தினார்கள். நேரம் பார்க்காமல், ராகு காலத்திலேயே வேண்டுமென்று நடத்தியவர்களும் உண்டு. மணப்பெண் அங்கும் பெரும்பாலும் பட்டுச்சேலைதான். கறுப்புச் சட்டைக்காரர் தலைமையில், அரக்குச் சேலையில். இரண்டு பக்கமும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

பண்டிகைக்கு இவ்வளவு பாடு இல்லை. ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு மஞ்சளும் சிவப்பும், மேல்மருவத்தூர் போகிறவர்களுக்குச் சிவப்பு, மலைக்கு மாலை போட்டவர்களுக்குக் கறுப்பு. நவராத்திரிக்கு நாளுக்கொரு நிறம் என்று அலுவலகக் குழுவில் வரும் பட்டியல் வடக்கேயிருந்து சமீபத்தில் வந்து சேர்ந்த விருந்தாளி. கொலு வைத்த பாட்டிகளுக்கு அது தெரியாது. சாமியிடம் கேட்டால் எந்த நிறத்துக்கும் மறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை. 2019-ல் வரதராஜப் பெருமாள் கோயிலில் நாற்பது ஆண்டுக்குப் பிறகு குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரையான வைபவத்தில் நாளுக்கொரு நிறப் பட்டில் காட்சி கொடுத்தார். இன்றைக்கு என்ன நிறம் என்று காலையில் கேட்பது அந்த ஆண்டு ஊர்ப்பழக்கமாகவே இருந்தது. பாதிக்கு மேற்பட்ட நாட்கள் ஆடி மாதம் வேறு, கல்யாணமே நடக்காத மாதம்.

கறுப்புக்கு ஒரு நாள்

கறுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முகூர்த்தத்துக்கு அதைப் பார்வையிலேயே படவிடாதவர்கள்தான் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டை அதே நிறத்தில் வைக்கிறார்கள். தெலுங்கு, கன்னட வீடுகளில் தாலியோடு கருமணி கோத்துப் போடுகிறார்கள். நம் பொங்கல் நாளில், மகாராஷ்டிரத்தில் சங்கராந்திக்கென்றே பெண்கள் கறுப்புப் புடவை தேடி எடுக்கிறார்கள். கண்ணேறு கறுப்பில்தான் முதலில் மோதும், அங்கேயே நின்றுவிடும் என்பது நம்பிக்கை. அப்படியானால் கறுப்பு காவல்காரன். காவல்காரனைப் பந்தியில் உட்கார வைப்பதில்லை, வாசலில் நிறுத்துவார்கள். எந்த வாசல் என்பதுதான் கேள்வி.

அதற்கும் பதில் இருக்கிறது. கல்யாணம் நடந்து, ஆல்பம் வந்து, அந்த அரக்குச் சேலையில் ஊதா தெரிகிறதே என்று ஒரு தரம் சண்டையும் போட்டு முடித்த பிறகு, பெண் உண்டானால், வளைகாப்புக்குப் பல வீடுகளில், பிராமண வீடுகளில் குறிப்பாக, பிறந்த வீட்டிலிருந்து கறுப்புப் புடவை எடுத்துக் கட்டிவிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிமேல் ஊர்க்கண் படக்கூடாது. கறுப்புப் பட்டு, சிவப்போ மஞ்சளோ கரை, கை நிறைய வளையல்.

அதை எடுக்கப் போகிறவர் அந்தப் பாட்டியேதான். கல்யாணப் பட்டு எடுக்கும்போது கண்ணாடி துடைத்தவர் இப்போது மெத்தையின் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். விற்பனையாளர் அடர்நீலத்தில் ஒன்றை விரிப்பார், பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும். அடுத்து நாவல்பழம். பாட்டி இரண்டையும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அடுத்து வந்த சேலையைப் பெண்ணின் அம்மாவிடம் கொடுப்பார்.

'வாசலுக்கு எடுத்துண்டு போய் வெயில்ல காட்டுடி. ஒரு இழை நீலம் தெரிஞ்சாலும் எனக்கு வேண்டாம், சுத்தக் கறுப்பா இருக்கணும்.'